திட்டத் தொகுப்பிலிருந்து நேர்முகத் தேர்வு விடை வரை: சூழல், செயல், விளைவு

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து பொலிடெக்னிக் முடித்து வேலை தேடும் இளைஞர்கள் பலரிடம் ஒரு பவர்பாயிண்ட் தொகுப்பு இருக்கிறது. தொழிற்பயிற்சியின் முடிவில் விரிவுரையாளர் முன் படைத்து மதிப்பெண் வாங்கிய தொகுப்பு அது. நேர்முகத் தேர்வில் "நீங்கள் ஒரு சிக்கலைத் தீர்த்த நிகழ்வைச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் அதன் முதல் ஸ்லைடிலிருந்து ஒப்பிக்கத் தொடங்குகிறார்கள். ஆலையின் பின்னணி, நோக்கம், கால அட்டவணை என்று போய்க்கொண்டிருக்கும்போதே தேர்வாளர் அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிடுகிறார்.

தொகுப்பு திட்டம் நடந்த வரிசையில் அமைந்திருக்கும். விடையோ விண்ணப்பதாரர் எடுத்த ஒரு முடிவைச் சுற்றி அமைய வேண்டும். ஆகவே ஸ்லைடுகளைச் சுருக்கினால் விடை கிடைத்துவிடாது. தொகுப்பைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கட்டும்போது விளைவை முதலிலும் செயலை அடுத்தும் சூழலைக் கடைசியிலும் எழுத வேண்டும். சொல்லும்போது மட்டும் சூழல் முன்னால் வரும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறது. அது பல இளைஞர்களின் தொகுப்புகளைப் பார்த்த பழக்கத்தில் நான் அமைத்த மாதிரி. அதிலுள்ள எண்களும் மாதிரிக்கு உரியவையே. ஒரு மாணவி செம்பனை ஆலையில் தொழிற்பயிற்சி செய்கிறார். குலை ஏற்றி வரும் லாரிகள் ஆலையில் நெடுநேரம் காத்திருப்பது ஏன் என்று பார்க்கும்படி உதவிப் பொறியாளர் அவரிடம் சொல்கிறார். பயிற்சி முடிவில் 14 ஸ்லைடுகள் கொண்ட தொகுப்பு உருவாகிறது. அதன் முத்தாய்ப்பு 12ஆம் ஸ்லைடு: "லாரிகளின் காத்திருப்பு நேரம் 37 விழுக்காடு குறைந்தது."

1. உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

தொகுப்பு மட்டும் போதாது. அது உருவான மூலப் பொருள்களும் வேண்டும்: பயிற்சிக்காலக் குறிப்பேடு, எக்செல் கோப்பு, மேற்பார்வையாளருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், நிராகரிக்கப்பட்ட பழைய வரைவுகள். ஸ்லைடில் இடம் பெறாமல் போனவைதாம் பெரும்பாலும் விடைக்குத் தேவைப்படும். வெற்றியைக் காட்டுவதற்காகத் தயாரிக்கும் தொகுப்பில் தடுமாற்றங்களும் மாற்று யோசனைகளும் நீக்கப்பட்டிருக்கும். தேர்வாளர் தேடுவது அவற்றைத்தான்.

விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திட்டத்திலிருந்து எந்த முடிவை எடுத்துப் பேசுவது என்பதை அந்த விளம்பரம்தான் தீர்மானிக்கும்.

ஆலையின் உற்பத்தி அளவு, குலை விலை, வெளியாள்களின் பெயர் போன்றவற்றை வெளியே சொல்லலாமா என்று முன்னாள் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய இடத்தின் உள்விவரங்களைத் தாராளமாகக் கொட்டுபவர் தங்கள் விவரங்களையும் அப்படித்தான் கொட்டுவார் என்று தேர்வாளர் நினைக்க இடமுண்டு. எங்கள் எடுத்துக்காட்டில் டன் கணக்கு தேவையே இல்லை. நிமிடக் கணக்கு போதும்.

2. ஸ்லைடுகளில் முடிவுகளைத் தேடுதல்

ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த இடத்தில் வேறு விதமாகவும் செய்திருக்க முடியுமா? முடியும் என்றால் அங்கே ஒரு முடிவு இருக்கிறது. அந்த ஸ்லைடின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், எவ்வளவு அழகான ஸ்லைடாக இருந்தாலும், அது விடைக்கு உதவாது.

மாணவியின் 14 ஸ்லைடுகளில் தலைப்பு, ஆலை அறிமுகம், நோக்கம், கால அட்டவணை, நன்றி ஆகியவை இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். மீன்முள் வரைபடமும் பெரும்பாலும் விழுந்துவிடும். விரிவுரையாளர் கேட்டதற்காகப் பலர் அதை வரைகிறார்களே தவிர, அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. கடைசியில் மூன்று ஸ்லைடுகள் மிஞ்சும்.

முதலாவது 6ஆம் ஸ்லைடு. அதில் "தரவு சேகரிக்கப்பட்டது" என்ற ஒரே வரியும் கீழே ஒரு படமும் இருக்கின்றன. குறிப்பேட்டைப் புரட்டினால் வேறொரு கதை தெரிகிறது. லாரி குலையோடு எடைமேடையில் ஏறும்போது ஒரு நேரமும், குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரியாக மீண்டும் ஏறும்போது இன்னொரு நேரமும் எடைச்சீட்டில் பதிவாகின்றன. எடைமேடைக்கு வருமுன் வாசலுக்கு வெளியே நின்ற நேரம் எந்தச் சீட்டிலும் இல்லை. மாணவி இதைக் கவனித்து, வாசலில் தாமே நின்று ஒவ்வொரு லாரியும் வந்து சேர்ந்த நேரத்தைக் கையால் எழுதியிருக்கிறார். இந்தத் திட்டத்திலேயே மதிப்புமிக்க செய்தி இதுதான், ஆனால் ஸ்லைடில் அதன் சுவடே இல்லை.

இரண்டாவது 9ஆம் ஸ்லைடு: பிற்பகலில் குலை கொட்டும் ரேம்ப்பில் சிறுதோட்டக்காரர்களின் லாரிகளுக்கும் தோட்டத்தின் சொந்த லாரிகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியது. மூன்றாவது 12ஆம் ஸ்லைடு: விளைவை எப்படி அளந்தார் என்பது.

3. விளைவை முதலில் எழுதுதல்

விளைவு உறுதியாகத் தெரிந்தால்தான் எந்தச் செயல் அதற்குக் காரணம் என்று பொறுக்கி எடுக்க முடியும். சூழலிலிருந்து எழுதத் தொடங்குபவர்கள், அந்தப் பகுதி தொகுப்பில் நிறைந்து கிடப்பதால், தாளின் பாதியை அதிலேயே நிரப்பிவிடுகிறார்கள்.

ஒரு விளைவு நிற்க வேண்டுமானால் அதில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எந்தக் காலத்தில் அளந்தது, வேறு எதுவும் அந்த மாற்றத்தை உண்டாக்கியிருக்குமா. "37 விழுக்காடு" என்ற தனி எண்ணில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் இரண்டும் கிடைக்கின்றன: வாசலில் வந்து நின்றது முதல் வெறும் லாரியாக வெளியேறியது வரை சராசரி 95 நிமிடம், பின்பு 60 நிமிடம். கணக்குச் சரிதான்.

மூன்றாவது விவரத்தில்தான் வில்லங்கம். முந்தைய அளவு அக்டோபரில் எடுத்தது, பிந்தையது டிசம்பரில் எடுத்தது. மலேசியாவில் செம்பனை விளைச்சல் பொதுவாக ஆண்டின் பிற்பாதியில், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை இறங்கும். டிசம்பரில் லாரிகளே குறைவாக வந்திருந்தால், எந்த மாற்றமும் செய்யாமலேயே காத்திருப்பு குறைந்திருக்கும். தோட்டத் துறையில் வேலை பார்த்த தேர்வாளர் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால், மாதங்களின் பெயரைக் கேட்ட உடனேயே இதைக் கேட்பார். "அப்படி யோசிக்கவில்லை" என்று அங்கே விழித்தால், அதற்கு முன் சொன்ன நல்ல பகுதிகளின் மீதும் ஐயம் படியும்.

திருத்துவது கடினமன்று. இரண்டு மாதங்களிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில், சொல்லப்போனால் 40 முதல் 50 லாரிகள் வரை, வந்த நாள்களை மட்டும் எக்செல்லில் வடிகட்டி எடுத்து மறுபடி சராசரி பார்க்க வேண்டும். மாதிரியில் அது 92 நிமிடத்திலிருந்து 71 நிமிடமாகக் குறைகிறது. அதாவது 21 நிமிடம், ஏறத்தாழ 23 விழுக்காடு. 37 என்ற எண்ணை விட்டுக்கொடுக்க மாணவிக்கு மனம் வராது. ஆனால் ஒரு கேள்வியில் சரிந்துவிடும் 37ஐவிட, எத்தனை கேள்வி வந்தாலும் தாங்கும் 23தான் விடையில் இருக்க வேண்டியது. விளைச்சல் குறைந்ததைத் தாமே கண்டுபிடித்துக் கழித்துவிட்டுச் சொன்னார் என்பது, எண் சிறுத்ததால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதோடு நில்லாமல், விடைக்குக் கூடுதல் வலுவையும் தரும்.

அளக்காததை விளைவாகச் சொல்வது இன்னொரு பிழை. 13ஆம் ஸ்லைடில் "இதனால் எண்ணெயின் தரம் உயர்ந்தது" என்று இருக்கிறது. அடிபட்ட பழத்தில் நொதி எண்ணெயைச் சிதைப்பதால், குலை காத்திருக்கக் காத்திருக்கத் தனிக் கொழுப்பு அமிலம் ஏறும் என்பது உண்மை. கச்சாச் செம்பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வணிகத்தில் வழக்கமான வரம்பு. ஆனால் 21 நிமிடக் குறைவு அந்த அமிலத்தை எவ்வளவு மாற்றியது என்று மாணவி ஆய்வகப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அறுவடையிலிருந்து ஆலை வரையிலான மொத்த நேரம் மணிக்கணக்கில் ஓடும் என்பதால், அந்த 21 நிமிடம் கண்ணுக்கே படாமலும் போயிருக்கலாம். பார்க்காத ஒன்றை விடையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எண்ணே இல்லாத திட்டங்களும் உண்டு. அப்போது பயிற்சி முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு தொடர்ந்ததா, வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டார்களா என்று விசாரித்து அதைச் சொல்லலாம். தொடரவில்லை என்றால் ஏன் தொடரவில்லை என்பதும் ஒரு விளைவுதான்.

4. செயலை எழுதுதல்: "நான்" எங்கே இருக்கிறேன்?

அறிக்கை நடையில் ஆள் மறைந்துவிடுகிறார்: தரவு சேகரிக்கப்பட்டது, ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, பரிந்துரை வழங்கப்பட்டது. இவை எல்லாவற்றையும் "நான்" என்று தொடங்கும் வாக்கியங்களாக மாற்றி எழுதுங்கள். எந்த வாக்கியத்தில் "நான்" பொய்யாகிறதோ அதை உரியவரின் பெயரில், அதாவது அவருடைய பொறுப்பின் பெயரில், எழுதுங்கள். அடக்கத்தின் காரணமாக எல்லாவற்றையும் "நாங்கள்" என்று சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வலுவாக இருக்கிறது. பெரியவர்கள் முன் தன்னை முன்னிறுத்தக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆயினும் தேர்வாளர் வேலைக்கு எடுக்கப்போவது அந்த "நாங்கள்" முழுவதையும் அன்று.

மாணவியின் செயல் பகுதி இப்படிப் பிரிந்தது: வாசலில் நின்று நேரம் எழுதியது அவர். எடைச்சீட்டுகளை எடுத்துக் கொடுத்தவர் எடைமேடைக் கிராணி. தாமதம் எடைமேடையில் இல்லை, ரேம்ப்பில் குலையின் தரம் பார்க்கும் இடத்தில்தான் என்று கண்டுபிடித்தது அவர். சோதனைக்கு ஒப்புதல் தந்தவர் உதவிப் பொறியாளர். இப்படிப் பிறருடைய பங்கைச் சரியாகச் சொல்வதால் அவருடைய பங்கு சிறுத்துவிடாது. மாறாக, நம்பும்படி ஆகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் கைவிட்ட வழியையும் காரணத்தையும் எழுதுங்கள். தேர்வாளரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் "வேறு வழி யோசித்தீர்களா?" என்பதாகவே இருக்கும். மாணவி மூன்று வழிகளை எண்ணிப் பார்த்திருந்தார். இன்னோர் எடைமேடை கட்டுவது செலவு மிகுந்தது. தாமதம் அங்கே இல்லாததால் பயனும் இல்லை. சிறுதோட்டக்காரர்களின் லாரிகளைக் காலையிலேயே வரச் சொல்லலாமா என்று ஓர் ஓட்டுநரிடம் பேசியபோது, "காலையில வெட்டுற குலைய மத்தியானந்தான் ஏத்த முடியும். வெறும் லாரியோட வந்து நிக்கச் சொல்றியா, தங்கச்சி?" என்று அவர் கேட்டுவிட்டார். எஞ்சியது ரேம்ப்பில் இடத்தைப் பிரிப்பது. தரம் பார்க்க அதிக நேரம் பிடிக்கும் சிறுதோட்டக்காரர்களின் வெளி லாரிகள் ஒரு பக்கமும், தோட்டத்து லாரிகள் மறுபக்கமும் நின்றால், முன்னே நிற்கும் ஒரு லாரிக்காக மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓட்டுநரின் அந்தப் பதில் எந்த ஸ்லைடிலும் இல்லை. ஆனால் விடையில் அது இருந்தால், இந்தப் பெண் களத்தில் இறங்கி ஆள்களிடம் பேசியிருக்கிறார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

செயல் பகுதியில் மென்பொருள்களின் பெயரை அடுக்குவதைத் தவிர்க்கவும். எக்செல்லில் என்ன வாய்பாடு போட்டார் என்பதைக் கேட்டால் சொன்னால் போதும்.

5. சூழலைக் கடைசியில், குறைவாக எழுதுதல்

செயலும் விளைவும் எழுதி முடித்த பிறகு, அவற்றைப் புரிந்துகொள்ள என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை மட்டும் சூழலில் வையுங்கள். ஆலை எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பது தேவையில்லை. லாரிகள் பிற்பகலில் ஒன்றாக வந்து குவிவது தேவை. பொறுப்பு யார் கொடுத்தது, எவ்வளவு காலம் இருந்தது என்பவையும் இங்கேயே வந்துவிட வேண்டும். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ மின்னணுத் தொழிற்சாலையில் இருந்து வரும் தேர்வாளருக்கு ரேம்ப் என்றால் என்னவென்று தெரியாது. "குலை கொட்டும் மேடை" என்று ஒரு தொடரில் விளக்கிவிட்டு நகருங்கள். நான்கு வாக்கியங்களுக்கு மேல் போனால் அடுத்த வாக்கியம் ஏன் வேண்டும் என்று உங்களையே கேளுங்கள்.

6. சேர்த்துச் சொன்னால்

இரண்டு நிமிடத்துக்குள் முடியும் விடை ஏறத்தாழ இப்படி அமையும்:

"நான் செம்பனை ஆலையில் தொழிற்பயிற்சி செய்தபோது, பிற்பகலில் குலை லாரிகள் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை உதவிப் பொறியாளர் என்னிடம் கொடுத்தார். எடைச்சீட்டுகளை முதலில் பார்த்தேன். வாசலுக்கு வெளியே நிற்கும் நேரம் அவற்றில் பதிவாகவில்லை என்பதால், நானே வாசலில் நின்று லாரிகள் வந்து சேரும் நேரத்தை எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, தாமதம் எடைமேடையில் இல்லை, குலை கொட்டும் மேடையில் சிறுதோட்டக்காரர்களின் வெளி லாரிகள் கொண்டுவரும் குலையின் தரம் பார்க்கும்போது ஏற்படுகிறது என்று தெரிந்தது. வெளி லாரிகளைக் காலையில் வரச் சொல்லலாமா என்று ஓர் ஓட்டுநரிடம் கேட்டேன். அறுவடை நேரத்தால் அது முடியாது என்று புரிந்தது. ஆகவே பிற்பகலில் மேடையை இரண்டாகப் பிரிக்கும் யோசனையை முன்வைத்தேன். உதவிப் பொறியாளர் சோதனைக்கு ஒப்புதல் தந்தார். மொத்தச் சராசரி 95 நிமிடத்திலிருந்து 60க்கு இறங்கியது. ஆனால் இடையில் விளைச்சலும் குறைந்திருந்ததால், ஒரே அளவு லாரிகள் வந்த நாள்களை மட்டும் ஒப்பிட்டேன். அப்போது குறைவு 92இலிருந்து 71 நிமிடம். அந்த 21 நிமிடத்தைத்தான் இந்த மாற்றத்தின் பயனாகக் கருதுகிறேன்."

இதில் சூழலுக்கு இரண்டே வாக்கியங்கள். எஞ்சிய இடம் முழுவதும் செயலுக்கும் விளைவுக்கும் போயிருக்கிறது.

7. ஒரே திட்டம், வேறு கேள்விகள்

கேள்வி மாறினால் புதுத் திட்டத்தைத் தேட வேண்டியதில்லை. நடுவில் வைக்கும் முடிவை மாற்றினால் போதும். "வயதில் மூத்தவர்களோடு கருத்து வேறுபட்ட அனுபவம் உண்டா?" என்றால் ஓட்டுநரோடு நடந்த பேச்சு நடுவில் வரும், வாசலில் நேரம் எழுதியது சூழலுக்குள் ஒரு வாக்கியமாகச் சுருங்கும். "தரவு தவறாக வழிகாட்டிய நிகழ்வு" என்றால் எடைச்சீட்டின் குறையும் அக்டோபர், டிசம்பர் ஒப்பீடும் முன்னே வரும். எந்தக் கேள்வி வந்தாலும் ஆறாம் பகுதியில் உள்ள விடையையே முழுதாகச் சொல்வது புதியவர்கள் செய்யும் பிழை. கேட்டதற்கும் சொன்னதற்கும் உள்ள இடைவெளி உடனே தெரிந்துவிடும்.

வேலை விளம்பரத்தில் முதல் மூன்று வரிகளில் கேட்கும் திறன்களுக்கு ஒவ்வொரு முடிவைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். அதற்கு மேல் தயாரிப்பது பெரும்பாலும் வீண்.

8. தாளை மடித்துவைத்துச் சொல்லிப் பார்த்தல்

எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர் இடையில் குறுக்கிட்டுக் கேட்டால் திரும்ப எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதலிலிருந்தே தொடங்குவார். சிறிய அட்டையில் சில சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: பிற்பகல் நெரிசல், எடைச்சீட்டில் இல்லாத நேரம், வாசல், ஓட்டுநர், மேடைப் பிரிப்பு, 92–71.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நிகழ்வின் ஒழுங்கு சரியாக இருக்கிறதா என்று மட்டும் அப்போது கவனியுங்கள். பிறகு அதே அட்டையைப் பார்த்து மலாயிலோ ஆங்கிலத்திலோ, தேர்வு எந்த மொழியில் நடக்குமோ அந்த மொழியில், புதிதாகச் சொல்லுங்கள். தமிழ்ப் பத்தியை வரிக்கு வரி மாற்றினால் வாக்கியங்கள் நீண்டு மூச்சு முட்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் இரண்டு நிமிடத்தைத் தாண்டுகிறதா என்று தெரியும். தாண்டினால் வெட்ட வேண்டிய இடம் அநேகமாகச் சூழல்தான்.

ஆலைக்குள்ளேயே கால் வைக்காத ஒருவரிடம், தங்கையோ ஒட்டுக்கடையில் எதிரே உட்காரும் நண்பரோ யாராக இருந்தாலும், ஒரு முறை சொல்லிவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், அது பலித்தது என்று எப்படித் தெரியும்? முதல் கேள்விக்கு அவர் தடுமாறினால் சூழலில் ஒரு விளக்கம் விடுபட்டிருக்கிறது. இரண்டாவதற்கு "நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஏதோ மாற்றினீர்கள்" என்று சொன்னால் நான்காம் பகுதிக்குத் திரும்பிச் செல்லுங்கள். மூன்றாவதற்கு எண்ணை மட்டும் சொல்லி, எதோடு ஒப்பிட்டது என்று சொல்லத் தெரியாவிட்டால், விளைவு வாக்கியத்தை இரண்டாக உடைத்து மெதுவாகச் சொல்ல வேண்டும்.

தொகுப்பைத் தேர்வு அறைக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் 14 ஸ்லைடுகளையும் காட்டத் தேவையில்லை. 12ஆம் ஸ்லைடில் 37 என்பதை நீக்கி, ஒத்த நாள்களின் ஒப்பீட்டைப் போட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண் விண்ணப்பத்தோடு ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தேர்வாளர் கேட்குமுன் நீங்களே இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிடுங்கள்.